இரவுப் பணியிலிருந்து விலக்கு கோரும் விண்ணப்பம்

பெறுநர்:
செவிலியர் கண்காணிப்பாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரியும் நான் தற்போது ஏழு மாதக் கர்ப்பிணியாக இருக்கிறேன். அண்மைப் பரிசோதனைகளில் இரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்பட்டதாலும், இரவு முழுவதும் நின்று பணியாற்றிவிட்டு விடியும்போது காலணியைக் கழற்றச் சிரமப்படும் அளவுக்குப் பாதங்கள் வீங்கிவிடுவதாலும், பிரசவம் வரை இரவுப் பணியை அறவே தவிர்க்குமாறு மகப்பேறு மருத்துவர் எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்தியுள்ளார்.

ஆகவே, அடுத்த மாதப் பணிப்பட்டியல் முதல் மகப்பேறு விடுப்பு தொடங்கும் வரை எனக்குப் பகல் பணி மட்டும் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதனால் உடன் பணிபுரிவோரின் சுமை கூடும் என்பதை நன்கு உணர்ந்திருப்பதால், ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களின் பகல் பணியை ஏற்க ஆயத்தமாக உள்ளேன்.

இணைப்பு: மருத்துவச் சான்றிதழ்

தங்கள் உண்மையுள்ள,
செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவு