ஏப்ரல் மாத நிலவரம்: 9.42 லட்சம் விற்பனை, 860 கிலோ நட்டம், உங்களிடம் ஒரு வேண்டுகோள்

முதலீட்டாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மார்த்தாண்டத்தில் தேன் சீசன் முடிந்துவிட்டது. கடைசிப் பெட்டியையும் பிழிந்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். எண்களை முதலில் தந்துவிடுகிறேன்.

ஏப்ரல் விற்பனை 9.42 லட்சம் ரூபாய். மார்ச்சில் 11.18 லட்சம், ஆக, 16 சதவீதம் இறக்கம்.
விற்ற தேன் 2,610 கிலோ. அதில் 1,040 கிலோ பாட்டிலாக நேரடி வாடிக்கையாளர்களுக்கு, சராசரியாகக் கிலோ 480 ரூபாய்க்குப் போனது. மீதி 1,570 கிலோ சித்த மருந்து தயாரிப்பாளர்களுக்கு டிரம்மாக, 282 ரூபாய்க்கு.
மாதச் செலவு (சம்பளம், வாடகை, மின்சாரம்) 4.55 லட்சம்.
மாத நட்டம் 1.71 லட்சம். கீழே சொல்லப்போகும் 860 கிலோ இதில் சேராது.
வங்கியில் இருப்பு 18.9 லட்சம். தேனீ வளர்ப்பவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி 6.4 லட்சத்தைக் கழித்துப் பார்த்தால் 12.5 லட்சம்தான் நம் பணம்.
கிடங்கில் உள்ள தேன் 20,400 கிலோ.

இனி அந்த 860 கிலோ.

நம்மில் சிலருக்கு ரப்பர் தேனின் குணம் புதிது என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். இந்தத் தேன் பூவிலிருந்து வருவதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிர்ந்து ரப்பர் மரம் தளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் எடுக்கின்றன. அதனால் இயல்பிலேயே இது நீர்த்த தேன். தேனீக்கள் அடையின் அறைகளை மெழுகால் மூடும்வரை காத்திருந்தால் ஈரம் தானாகக் குறையும். அவசரப்பட்டால் 25 சதவீதம்கூட இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு 20.

ஏப்ரல் முதல் வாரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. குலசேகரம், அருமனைப் பக்கம் நாளும் மாலையில் கொட்டியது. மழையில் வரத்து நின்றுவிடுமோ என்ற பயத்தில், 12ஆம் தேதிக்குள் இருக்கிற தேனையெல்லாம் கொண்டுவரச் சொல்லி நமக்குத் தேன் தரும் 64 தேனீ வளர்ப்பவர்களுக்கும் செய்தி அனுப்பினேன். அனுப்பியது நான்தான். அவர்கள் பாதி மூடாத அடைகளையும் பிழிந்து கொண்டுவந்தார்கள். நம் உலர்த்தும் இயந்திரம் நாளொன்றுக்கு 300 கிலோதான் தாங்கும். குலசேகரம் சேகரிப்பு மையத்தில் டிரம்கள் ஒன்பது நாள் வரிசையில் நின்றன.

பத்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது ஒரு டிரம்மின் மூடி மேல்நோக்கி உப்பியிருந்தது. பிடியைத் தளர்த்தியதும் சீறிக்கொண்டு காற்று வெளியேறியது. உள்ளே விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை. பக்கத்தில் நின்ற மூத்த தேனீ வளர்ப்பாளர் குனிந்து முகர்ந்துவிட்டு, "மக்களே, இது தேன் இல்லை, கள்" என்றார். சிரிக்கும் நிலையில் நான் இல்லை. மொத்தம் 860 கிலோ. அதில் 240 கிலோ ஏற்கெனவே ஒரு மருந்து தயாரிப்பாளருக்குப் போயிருந்தது. அவர் திருப்பி அனுப்பினார், நியாயமாகவே. கிலோ 185 வீதம் கொள்முதல் விலையே 1.59 லட்சம், போக்குவரத்து 38 ஆயிரம். தேனீ வளர்ப்பவர்களிடம் இந்தப் பணத்தைப் பிடிக்கவில்லை. கொண்டுவரச் சொன்னது நாம்.

வாசலிலேயே ஒவ்வொரு டின்னையும் ஈரமானியில் பார்த்து 22 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்குவதில்லை என்று மாற்றிவிட்டோம். 21க்குக் கீழே கொண்டுவந்தால் கிலோவுக்கு 8 ரூபாய் கூடுதல். இது கருணை அல்ல, கணக்கு: 23 சதவீத ஈரமுள்ள நூறு கிலோவை 19க்கு இறக்கினால் ஏறக்குறைய ஐந்து கிலோ நீராகப் போய்விடுகிறது. அந்த நீருக்கும் 185 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சிறிய சறுக்கல் இன்னொன்று. தேனீ வளர்ப்பவர்களுக்காக நாம் செய்த செயலியை 64 பேரில் 9 பேர்தான் பயன்படுத்துகிறார்கள். மற்றவர்கள் குரல் பதிவு அனுப்புகிறார்கள், நம் அலுவலகத்தில் ஒருவர் அதைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். செயலிக்கு இனி ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யப்போவதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. நேரடி வாடிக்கையாளர்களில் 31 சதவீதம் பேர் இரண்டாம் முறை வாங்கியிருக்கிறார்கள்; ஜனவரியில் இது 22. பாட்டிலின் அடியில் தேன் உறைந்தால் அது கலப்படம் என்று வந்துகொண்டிருந்த புகார்களும், "ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், இளஞ்சூடான நீரில் வைத்தால் இளகும்" என்ற ஒரு வரியை லேபிளில் சேர்த்த பிறகு பாதியாகக் குறைந்தன.

போன மாதம் உங்களில் ஒருவர், நாமே 500 பெட்டிகள் வைத்தால் என்ன என்று கேட்டிருந்தார். இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் நோய் தென்னிந்தியாவின் தேனீக் கூட்டங்களை அழித்ததை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஜூனில் மழை தொடங்கினால் கூட்டங்களுக்குச் சர்க்கரைப் பாகு கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். அது தலைமுறைக் கைப்பழக்கம், நமக்கு இல்லை.

என்னைத் தூங்கவிடாத கணக்கு வேறு. ஏப்ரல் வேகத்தில் விற்றால் கிடங்குத் தேன் டிசம்பர் இறுதிவரை வரும், அதற்குள் கையில் பணம் இல்லாமல் போகாது. சிக்கல் பிப்ரவரியில். இந்தச் சீசனில் 30,800 கிலோ வாங்க 57 லட்சம் ஆனது. கையிருப்புப் பணத்தோடு தேனின் அடக்க விலையையும் சேர்த்து, ஒன்பது மாத நட்டத்தைக் கழித்தால், அடுத்த சீசன் தொடங்கும்போது சுமார் 37 லட்சம்தான் இருக்கும். குறைவு 20 லட்சம்.

டிரம் தேனில் செலவு போகக் கிலோவுக்கு 65 ரூபாய் நிற்கிறது. அதையே அரைக்கிலோ பாட்டிலாகக் கடைகளுக்குக் கிலோ 390 ரூபாய் வீதம் தந்தால் 140 நிற்கும். மாதம் 1,000 கிலோவை டிரம்மிலிருந்து பாட்டிலுக்கு மாற்றினால் நட்டம் 1.71 லட்சத்திலிருந்து 96 ஆயிரமாகும். பிப்ரவரிக் குறைவும் 13 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

என் வேண்டுகோள் இதுதான். சென்னையிலோ கோவையிலோ 15 கிளைகளுக்கு மேல் உள்ள இயற்கை உணவு அல்லது மளிகைக் கடை நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பொறுப்பாளரை உங்களுக்கு நேரடியாகத் தெரிந்திருந்தால், மே 20க்குள் எங்கள் இருவரையும் ஒரே மின்னஞ்சலில் அறிமுகப்படுத்துங்கள். மாதம் 2,000 அரைக்கிலோ பாட்டில்கள், 30 நாள் கடன், ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வகச் சான்று. மாதிரிப் பாட்டில்களை மறுநாளே அனுப்பிவிடுவேன். பாட்டில் ஆர்டரை 25ஆம் தேதி கொடுக்க வேண்டும், அதனால்தான் இந்தத் தேதி. பணம் கேட்கவில்லை. யாரையும் தெரியாது என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், காத்திருக்க மாட்டேன்.

6.4 லட்சம் பாக்கியை 15ஆம் தேதிக்குள் தீர்த்துவிடுவோம். தீர்ந்ததும் ரசீதுகளின் பட்டியலை உங்களுக்கும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஜெபா
மார்த்தாண்டம், மே 5