என் புதிய தொலைபேசி எண் – பழைய எண்ணிலிருந்து பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

அன்புள்ள உறவுகளுக்கும் அயலவருக்கும் என்னிடம் படித்த, படிக்கிற பிள்ளைகளுக்கும்,

கொக்குவில் கமலா ரீச்சர் எழுதுகிறேன். இந்தச் செய்தி எந்த எண்ணிலிருந்து வந்திருக்கிறதோ, அதுதான் இனி என் எண். 077 இல் தொடங்கி 418 இல் முடிகிற பழைய எண் இப்போது என் கையில் இல்லை.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலிச் சந்தை நெரிசலில் என் கைத்தொலைபேசியை யாரோ திருடிவிட்டார்கள். அன்றே சிம்மை முடக்கினேன். அழைப்புகள் நின்றன, வட்ஸ்அப் நிற்கவில்லை. சிம் முடங்கினாலும் வைஃபை இருந்தால் அது இயங்கும். அதே எண்ணுக்கு வேறு சிம் எடுத்தால் கணக்கை மீட்கலாம். ஆனால் அந்த எண் காலமான என் கணவரின் பெயரில் பதிவானது. மரணச் சான்றிதழும் கையுமாக அலைந்துகொண்டிருக்கிறேன். அதுவரை என் பெயரோடும் படத்தோடும் இன்னொருவர் உங்களுடன் பேசுவார்.

பேசவும் தொடங்கிவிட்டார். ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கைக்கு வந்த செய்தி இது: “அக்கா, ஆஸ்பத்திரியில் அவசரமாகப் பணம் கட்ட வேண்டும். 85,000 ரூபாய் இந்தக் கணக்கில் போடுங்கள், நாளைக்குத் தருகிறேன். இப்போது கதைக்க முடியாது.” தன்னை “பிள்ளை” என்றே கூப்பிடுகிற மூத்தவள் “அக்கா” என்று எழுதியதைக் கண்டதும் அவள் விழித்துக்கொண்டாள். என்னிடம் கணிதம் படித்த ஒரு பிள்ளைக்கு அப்படித் தப்ப வாய்க்கவில்லை. ரீச்சருக்கு வருத்தமாம் என்று பதறி, கேட்ட கையோடு 40,000 ரூபாய் அனுப்பிவிட்டான். வெயிலில் நின்று மேசன் வேலை செய்து சேர்த்த காசு. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

தயவுசெய்து பழைய எண்ணை முறையிட்டுத் தடைசெய்துவிடுங்கள். குடும்பக் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு எல்லாவற்றிலிருந்தும் அதை நீக்குங்கள். உங்கள் தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை அனுப்பச் சொல்லி என் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்ததாக உங்கள் வட்ஸ்அப் கணக்கும் போய்விடும்.

இந்தச் செய்தியையும் அப்படியே நம்ப வேண்டாம். 021 இல் தொடங்கும் எங்கள் வீட்டுத் தொலைபேசி எண் மாறவில்லை. அதற்கு அழைத்து என் குரலைக் கேட்டபின் புதிய எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பியவர்கள் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கு அறிவித்து, பற்றுச்சீட்டையும் அந்தச் செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள். நான் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். நீங்களும் கொடுங்கள், தேவையென்றால் கூட வருகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியே இருக்கும் வயதானவர்களுக்கு யாராவது இதை வாசித்துக் காட்டுங்கள்.

சனிக்கிழமை வகுப்பு வழமைபோல நடக்கும். வகுப்புக் காசை நேரில் மட்டும் தாருங்கள்; யார் எந்தக் கணக்கு இலக்கம் அனுப்பினாலும் போட வேண்டாம்.

அன்புடன்,
கமலா ரீச்சர்
கொக்குவில்