கார் விற்பனை உடன்படிக்கை

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10ஆம் தேதி, பாளையங்கோட்டை மகாராஜநகரில் வசிக்கும் செல்லத்துரை மகன் முத்துராமன் (இனி விற்பவர்) அவர்களும், திருநெல்வேலி டவுனில் வசிக்கும் காதர் மைதீன் மகள் சபீனா (இனி வாங்குபவர்) அவர்களும் மனமொத்து எழுதிக்கொண்ட உடன்படிக்கை என்னவென்றால்:

விற்பவர் பெயரில் திருநெல்வேலி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான, டிஎன் 72 பிஎக்ஸ் 4172 எண்ணுள்ள 2017ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் காரை 4,10,000 ரூபாய்க்கு (நான்கு லட்சத்துப் பத்தாயிரம்) விற்கவும் வாங்கவும் இருவரும் சம்மதிக்கிறோம். தரகர் யாரும் இல்லை. யாருக்கும் கமிஷன் கிடையாது. எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடும் ஆர்.சி. புத்தகத்தோடும் ஒத்துப் பார்த்துவிட்டோம். ஆர்.சி. நகல் இதனுடன் இணைக்கப்பட்டு, இருவராலும் கையெழுத்திடப்பட்டுள்ளது.

நவம்பர் 8ஆம் தேதி வாங்குபவரின் மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்த்தார். இடது பின்கதவின் அடியில் கையகல நெளிவு, வெயில் நேரத்தில் மந்தமாகும் ஏ.சி., தேய்ந்துபோன முன் டயர்கள் இரண்டு ஆகியவை வாங்குபவர் அறிந்தவை. இவற்றுக்காகப் பிறகு விலை பேச வழியில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அல்ல, பெரிய விபத்தில் சிக்கியதும் அல்ல என்பது விற்பவரின் உறுதிமொழி. அது பொய்யெனத் தெரிந்தால், வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வங்கிக் கடன் அடைந்துவிட்டது. வங்கியின் தடையின்மைச் சான்றையும் படிவம் 35ஐயும் வாங்குபவர் பார்த்தார். ஆனால் ஆர்.சி.யில் அடமானப் பதிவு இன்னும் நிற்கிறது. சான்று கையில் இருப்பது வேறு, பதிவேட்டில் நீங்குவது வேறு. ஆகவே விற்பவர் தம் செலவில் அதை நீக்கி, பரிவாகன் தளத்தில் மாற்றம் தெரிந்த பிறகே மீதிப் பணம் கேட்கலாம். நவம்பர் 24க்குள் நீங்காவிட்டால் முன்பணத்தை மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும்.

பணம் மூன்று தவணை. முன்பணம் 20,000 ரூபாய் இன்று யு.பி.ஐ. மூலம் விற்பவரின் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. கையெழுத்திடும் முன் அவர் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டார். சாவி தரும் நாளில் 3,60,000 ரூபாய் ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அதே கணக்குக்கு அனுப்பப்படும். ஆர்.சி.யில் உள்ள பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மைத்துனர், நண்பர் கணக்கு எதுவும் ஏற்கப்படாது. கணக்கு எண் மாறிவிட்டது என்று போனில் வரும் அழைப்போ குறுஞ்செய்தியோ செல்லாது, நேரில் எழுதிக் கையெழுத்திட்டால் மட்டுமே செல்லும். பணம் பெற பின் எண் தேவையில்லை என்பதால் எந்த இணைப்பையும் கியூஆர் குறியீட்டையும் அனுப்பி அதைக் கேட்க மாட்டோம். 'பணம் அனுப்பப்பட்டது' என்ற ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது; விற்பவரின் கணக்கில் வரவானால்தான் சாவி. ரொக்கமாக ஒரு ரூபாயும் கைமாறாது. மீதி 30,000 ரூபாய், ஆர்.சி. வாங்குபவர் பெயருக்கு மாறிய அன்று. அவருடைய தாமதத்தால் மாற்றம் நின்றாலும் 2026 ஜனவரி 10க்குள் அதைத் தந்துவிட வேண்டும்.

சாவி தரும் இடம் பாளையங்கோட்டையில் விற்பவரின் வங்கிக் கிளை. பகல் நேரத்தில் மட்டும். அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, இரு சாவிகள் எல்லாம் அப்போதே ஒப்படைக்கப்படும். படிவம் 29, 30 இரண்டும் வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பியே கையெழுத்தாகும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. அன்றைய நேரத்தையும் மீட்டர் அளவையும் இதன் பின்புறம் குறித்துக் கையெழுத்திடுவோம். அந்த நேரத்துக்கு முந்தைய அபராதம், வழக்கு எல்லாம் விற்பவருடையவை, பிந்தையவை வாங்குபவருடையவை.

மோட்டார் வாகனச் சட்டப்படி விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் மாறும்வரை விபத்து வழக்கு விற்பவரையே தேடி வரும் என்பதால், வாங்குபவர் 7 நாளுக்குள் விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டின் நகலைத் தர ஒப்புகிறார். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றுவதும் அவர் பொறுப்பு. நோ கிளெய்ம் போனஸ் விற்பவருடையது. அதனால் வரும் கூடுதல் பிரீமியத்தை வாங்குபவர் கட்டுவார். பெயர் மாற்றக் கட்டணமும் அவருடையதே.

அடமானப் பதிவு நீங்கிய பிறகு விற்பவர் மனம் மாறினால் முன்பணத்துடன் மேலும் 10,000 ரூபாய் தருவார். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணத்தில் 10,000 ரூபாயை விற்பவர் பிடித்துக்கொள்வார்.

இரு பிரதிகள், ஆளுக்கு ஒன்று. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டோம்.

விற்பவர்: செ. முத்துராமன்
வாங்குபவர்: கா. சபீனா
சாட்சிகள்: பே. இசக்கியப்பன், மு. ஜெயராணி