40-ஆம் ஆண்டு மணநாள்: வீடியோவுக்கான வாழ்த்துக் குரல்

(மகள் குரல். நிதானமாக வாசிக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருப்பது எடிட் செய்யும் தம்பிக்கு.)

[திருமண கேசட், 1985. நாதஸ்வரம் ஒலித்து, மெல்லக் குறையட்டும்]

எல்லாருக்கும் வணக்கம். இது 1985 ஆவணி. லால்குடியில் அம்மா வீட்டு வாசலில் போட்ட பந்தல். கேசட் பூஞ்சை பிடித்துக் கிடந்தது, அதனால் படம் கோடு கோடாக ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ லைட் வெளிச்சத்தில் ரெண்டு பேரும் தலையே நிமிரவில்லை. இதோ, தாலி ஏறியதும் அம்மா நிமிர்கிறாள். அம்மா, நீ யாரைத் தேடுகிறாய் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். தாத்தாவைத்தான். அவர் தூணுக்குப் பின்னால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அப்பாவும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கிறார். பார்த்துவிட்டு உன் பக்கம் ஒரு அரை அடி நகர்ந்து உட்காருகிறார்.

[பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ், பிறந்தநாள். சிங்கப்பூர் சித்தப்பா கொடுத்த கேமராவில் எடுத்தது]

இது பொன்மலை வீடு. காலையில் பட்டறைச் சங்கு ஊதுவதற்குள் அம்மா டிபன் கேரியரைக் கட்டி முடித்திருப்பாள். அப்பா சைக்கிளை எடுப்பார். அந்தத் தெருவே சைக்கிளாகப் போகும்.

இந்த நாள் என் பிறந்தநாள். நான் கேக் வெட்டுகிறேன். கேமராவை மட்டும் கவனியுங்கள். என்னிடம் இருந்து மெதுவாக நகர்கிறது, தம்பியைத் தாண்டுகிறது, அடுப்படி வாசலில் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நிற்கும் அம்மாவிடம் போய் நின்றுவிடுகிறது.

[அம்மா மண்டபம், ஆடிப்பெருக்கு. தொடர்ந்து மேட்டுப்பாளையம் ஸ்டேஷன், 2014]

ஆடிப் பதினெட்டில் காவிரி கரைபுரண்டு ஓடுகிறது. அப்பா எடுத்திருப்பது, அம்மா படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிடுவதை. ஊட்டி மலை ரயிலுக்குப் போனோம். “நம்ம பட்டறையில செஞ்ச எஞ்சின்டா இது” என்று அப்பா குரல் பெருமையாகக் கேட்கிறது. எஞ்சினைக் காட்டுகிறார், சக்கரத்தைக் காட்டுகிறார், அப்புறம் ஜன்னலோரத்தில் அம்மா. அதற்குப் பிறகு எஞ்சின் வரவே இல்லை.

அப்பா, நீங்கள் எடுத்த அத்தனை படத்திலும் உங்கள் முகம் இல்லை. நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது மட்டும் இருக்கிறது.

[ஒரே ஒரு புகைப்படம்: அப்பாயி, கட்டிலில். பத்து விநாடி. இசை வேண்டாம்]

இந்தக் காலத்துக்கு வீடியோ இல்லை. அப்பாயி படுக்கையில் இருந்தார். யாருக்கும் கேமராவை எடுக்கத் தோன்றவில்லை. பகலெல்லாம் அம்மா குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தாள். வேலை முடிந்து வந்ததும் அப்பா அந்தத் துணிகளை எல்லாம் துவைத்துக் காயப்போட்டார். “நான் பார்த்துக்கிறேன், நீ போய்ப் படு” என்று ரெண்டு பேரும் மாறி மாறிச் சொன்னது எங்கள் காதில் இன்னும் இருக்கிறது. இதில் இதைச் சேர்க்காமல் விட எனக்கு மனசு வரவில்லை.

[மார்கழி, 2023. செல்போனில் அம்மா எடுத்தது. அம்மாவின் குரல் முழுதாகக் கேட்கட்டும்]

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆன வருடம். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்கழியில் வாசல் வெறுமையாக இருக்கிறதே என்று அவள் வருத்தப்பட, மறுநாள் அப்பா கோலப்பொடி டப்பாவோடு இறங்கிவிட்டார்.

பதினைந்து புள்ளி, எட்டு வரை இடைப்புள்ளி. ஃபிட்டர் வேலை பார்த்த கை அல்லவா? நூலில் சாக்பீஸைத் தேய்த்து, தரையில் சுண்டிக் கோடு போட்டு, ஸ்கேல் வைத்து அளந்து ஒவ்வொரு புள்ளியாக வைக்கிறார். புள்ளி வைத்து முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. நாற்காலியில் இருந்து அம்மா, “என்னங்க, அந்த வளைவு கோணுது பாருங்க” என்கிறாள்.

இப்போது கேமரா அம்மா கையில். ஆனால் கோலம் எங்கே? ஓரத்தில் கொஞ்சம்தான் தெரிகிறது. படம் முழுக்க அப்பா, மூக்கு நுனியில் கோலமாவோடு.

[கோலம் முடிந்து இருவரும் சிரிக்கும் இடத்தில் நிறுத்தி, அப்படியே வைக்கவும்]

அம்மா, அப்பா, நீங்கள் எங்களை உட்கார வைத்துக் குடும்பம் நடத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுத்ததில்லை. உங்களைப் பார்த்தே வளர்ந்தோம். நாங்கள் செய்த பாக்கியம் அது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டி சரியானதும் நாம் எல்லாரும் மறுபடி மலை ரயிலில் போகிறோம், டிக்கெட் என் பொறுப்பு. இந்தத் தடவை தம்பி எடுக்கட்டும், நீங்கள் ரெண்டு பேரும் ஜன்னலோரம் உட்காருங்கள்.

சரி, எல்லாரும் எழுந்திருங்கள். கையில் இருக்கும் காபி டம்ளரைத் தூக்குங்கள். குட்டிகள் ரோஸ்மில்க்கைத் தூக்குங்கள். பெரியவர்கள் உட்கார்ந்தபடியே ஆசீர்வாதம் செய்யுங்கள்.

எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும், அவர்களுடைய 40 வருடத்துக்கும், இனி வரப்போகிற எல்லா வருடத்துக்கும்!

[நாதஸ்வரம். ஹாலில் லைட் போடலாம்]