எண்ணியல் முறைகள் மாதிரித் தேர்வு: 16, 17ஆம் கேள்விகளின் விடை

தருமபுரி மாலை வகுப்பு, பி.எஸ்சி. கணிதம்

ஞாயிற்றுக்கிழமை எழுதிய பதினான்கு விடைத்தாளும் திருத்தியாகிவிட்டது. 16, 17 இரண்டையும் எல்லாரும் தொட்டிருக்கிறீர்கள். முழு மதிப்பெண் வாங்கியவர்கள் மூன்றே பேர். முறை தெரியாமல் யாரும் தோற்கவில்லை. விடை கீழே. தேர்வில் எந்த அளவு எழுத வேண்டுமோ அந்த அளவு எழுதி, நடுநடுவே என் புலம்பலையும் சேர்த்திருக்கிறேன்.

16. நியூட்டன்-ராப்சன் முறையில் x log₁₀ x = 1.2 என்ற சமன்பாட்டின் மூலத்தை நான்கு தசம இடத் திருத்தமாகக் காண்க.

முதலில் மூலம் எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

```
f(x) = x log₁₀ x − 1.2
f(2) = 2(0.30103) − 1.2 = −0.59794
f(3) = 3(0.47712) − 1.2 =  0.23136
```

குறி மாறுகிறது, ஆகவே மூலம் 2க்கும் 3க்கும் நடுவில். f(3) சுழியத்துக்குக் கிட்டே இருப்பதால் x₀ = 3. (2.5 என்று தொடங்கியவர்களுக்கும் தவறில்லை, மதிப்பெண் குறைக்கவில்லை.)

இந்த இடத்தில் ஒருவர் f(2) = 0.186 என்று எழுதியிருந்தார். கால்குலேட்டரில் log பொத்தானுக்குப் பதில் ln அழுத்தியிருக்கிறார். 2லும் மிகை, 3லும் மிகை என்று வந்ததும் பேனா நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, 1.888 வரை போய்க் கட்டம் போட்டு முடித்துவிட்டார். அது x ln x = 1.2 என்பதன் மூலம். கணக்கு சரி, கேள்வி வேறு.

அடுத்தது வகைக்கெழு. அடிமானம் 10 என்பதால்

```
f′(x) = log₁₀ x + log₁₀ e = log₁₀ x + 0.43429
```

பதினான்கில் ஆறு தாளில் log x + 1 என்றிருக்கிறது. அடிமானம் e ஆக இருந்தால்தான் அந்த 1 வரும். அந்த ஆறு பேருக்கும் எப்படிப் போயிற்று தெரியுமா? 2.84337, 2.78118, 2.75661 என்று சரியான பக்கம்தான் நகர்கிறது, ஆனால் தொப்பூர்க் கணவாயில் ஏறும் சுமை லாரி மாதிரி. நியூட்டன்-ராப்சனில் மூலத்துக்குக் கிட்டே வந்தபின் சரியான தசம இடங்கள் ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும். மூன்று படி போட்டும் இரண்டாம் தசமமே ஆடுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது வகைக்கெழுவை.

சரியான வழி:

```
x₁ = 3 − 0.23136/0.91141 = 3 − 0.25385 = 2.74615

f(x₁) = 0.00480,  f′(x₁) = 0.87302
x₂ = 2.74615 − 0.00550 = 2.74065

f(x₂) = 0.0000034,  f′(x₂) = 0.87215
x₃ = 2.74065 − 0.000004 = 2.740646
```

மூலம் 2.7406.

x₂ஓடு நிறுத்தியவர்களுக்கு அரை மதிப்பெண் போனது ஏன் என்று வகுப்பில் கேட்பீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2.74065ஐ நான்கு இடத்துக்கு முழுதாக்கினால் 2.7407. நான்கு பேர் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி 5 உண்மையான 5 அல்ல, 46ஐ முழுதாக்கி வந்தது. ஒருமுறை முழுதாக்கியதை மறுபடி முழுதாக்கக் கூடாது. நான்கு இடம் கேட்டால் இரண்டு இடம் கூடுதலாகப் போட்டு, அடுத்தடுத்த இரண்டு படிகள் நான்கு இடத்திலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின் நிறுத்துங்கள். இந்தக் கேள்வியை நான் தேர்ந்தெடுத்ததே இந்த ஒரு 5க்காகத்தான்.

இன்னொரு தாள் எனக்கு மிகவும் பிடித்தது. 0.25385 என்பதை அவசரத்தில் 0.23585 என்று இடம் மாற்றி எழுதி, x₁ = 2.76415 என்று போட்டிருக்கிறார். தவறு என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. அடுத்த படி 2.74070, அதற்கடுத்தது 2.740646. வந்து சேர்ந்துவிட்டார்! இந்த முறைக்குப் பழைய தவறு ஞாபகம் இருக்காது; கையில் இருக்கும் xஐப் புதிய தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். அந்த வரிக்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன், விடைக்கு முழுதும் கொடுத்தேன்.

17. (அ) காவேரிப்பட்டினம் அருகே தென்பெண்ணையின் குறுக்கே 60 மீட்டர் அகலத்தில், 10 மீட்டருக்கு ஒருமுறை அளந்த ஆழம் (மீட்டரில்) 0, 0.8, 1.7, 2.4, 2.1, 1.1, 0.3 எனக் கொண்டு, சரிவக விதியால் குறுக்குவெட்டுப் பரப்பைக் காண்க.

எண்கள் நான் போட்டவை. ஆற்றில் யாரும் இறங்கி அளக்கவில்லை.

```
A = (h/2)[(y₀ + y₆) + 2(y₁ + y₂ + y₃ + y₄ + y₅)]
  = (10/2)[(0 + 0.3) + 2(8.1)]
  = 5 × 16.5 = 82.5
```

பரப்பு 82.5 சதுர மீட்டர்.

ஏழு ஆழம் இருக்கிறது என்று 60ஐ 7ஆல் வகுத்து h = 8.57 போட்டவர்கள் இரண்டு பேர். கம்பம் ஏழு நட்டால் நடுவில் இடைவெளி ஆறுதான். வேலி கட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கடைசி 0.3ஐயும் இரட்டித்து 84 கொண்டுவந்தவர் ஒருவர். முதலும் கடைசியும் ஒரு சரிவகத்துக்கு மட்டும் பக்கம், நடுவில் உள்ளவை இரண்டுக்கும் பொது. அதனால்தான் அந்த 2.

முந்தின கேள்வியில் கிடைத்த மன்னிப்பு இங்கே கிடையாது. 2.4ஐ 4.2 என்று பார்த்து எழுதினால் பரப்பில் 18 சதுர மீட்டர் கூடும், அது அப்படியே கடைசி வரை வரும். கடைசிப் பத்து நிமிடம் மிச்சமிருந்தால் 16ஐ விட்டுவிட்டு 17இன் அட்டவணையைச் சரிபாருங்கள்.

(ஆ) h = 0.25 எனக் கொண்டு 0 முதல் 1 வரை 1/(1+x²) என்பதன் தொகையீட்டைச் சரிவக விதியால் கண்டு, உண்மை மதிப்போடு ஒப்பிடுக.

```
x :  0    0.25     0.5   0.75   1
y :  1    0.94118  0.8   0.64   0.5

I = (0.25/2)[(1 + 0.5) + 2(0.94118 + 0.8 + 0.64)]
  = 0.125 × 6.26236 = 0.78279
```

உண்மை மதிப்பு tan⁻¹ 1 = π/4 = 0.78540. பிழை 0.0026.

உண்மை மதிப்பு 45, பிழை 44.2 என்று எழுதிய இருவரும் கால்குலேட்டரை டிகிரியிலிருந்து ரேடியனுக்கு மாற்றவில்லை. 1க்கு மேல் ஏறாத வளைகோடு, அகலம் 1. அதன் அடியில் 45 எப்படி அடங்கும்?

கேட்காமலே ஒருவர் h = 0.5க்கும் போட்டிருந்தார்: 0.775, பிழை 0.0104. hஐப் பாதியாக்கியதும் பிழை கால்வாசியாகிறது என்று பக்கத்தில் பென்சிலால் குறிப்பு வேறு. பிழை h²ஐப் பொறுத்தது என்ற தேற்றத்தைக் கையாலேயே கண்டுபிடித்திருக்கிறார். கேள்வியில் இல்லாததற்கு மதிப்பெண் கொடுக்க முடியாது. ஓரத்தில் ஒரு டிக் மட்டும் போட்டேன்.

விடைத்தாள்களை வெள்ளிக்கிழமை தருகிறேன். அரூர், பென்னாகரம் பஸ் பிடிப்பவர்கள் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டலில் தவறு இருந்தால் அன்றே காட்டுங்கள். நானும் கையால்தான் கூட்டினேன்.