வெற்று அறிக்கை

காலை ஆறரை. தடுப்பூசிக் கிடங்கின் இரவு அறிக்கையைத் திறந்த தினேஷ் சிரித்தான்.

"ஒரு வரிகூட இல்லை, அக்கா. எந்தப் பெட்டியும் 8 டிகிரியைத் தாண்டவில்லை."

மல்லிகா தேநீரைக் கீழே வைத்தாள். "நேற்றைய அறிக்கையில்?"

"ஒரே புகார். ஏழாம் பெட்டியின் கதவைச் சரியாகச் சாத்தவில்லை."

"அதற்கு மேலே?"

"தேதி, 14 பெட்டிகள் பார்க்கப்பட்டன என்ற வரி. அது எப்போதும் வருவதுதானே."

"இன்று வந்திருக்கிறதா?"

"தவறே இல்லாதபோது எதற்கு எழுத வேண்டும்? நீங்கள் எல்லாவற்றிலும் சகுனம் பார்க்கிறீர்கள்."

"உன் மகள் பக்கத்து அறையில் சத்தமே இல்லாமல் இருந்தால், நிம்மதியாக உட்கார்ந்திருப்பாயா?"

அவன் பதில் சொல்லவில்லை. கோப்பின் அளவைப் பார்த்தான். 0 பைட்.

"இரவு மின்சாரம் போய் வந்ததாகக் காவலாளி சொன்னார்" என்றான், குரல் இறங்கி. ஜெனரேட்டர் இணைப்பு பெட்டிகளுக்கு உண்டு. மூலையில் கிடக்கும் பதிவுக் கணினிக்கு இல்லை. பெட்டிகளுக்காவது ஜெனரேட்டர் ஓடியதா?

மல்லிகா இரண்டு வெப்பமானிகளை எடுத்து ஒன்றை நீட்டினாள்.

"நீ ஒன்றிலிருந்து வா. நான் பதினான்கிலிருந்து வருகிறேன்."