மஞ்சள் மஞ்சள் ஈரோடு: நாலு வயசுப் பிள்ளைகளுக்கான கைத்தட்டு

கோபி வட்டாரத்து அங்கன்வாடிக்கு, பொங்கலுக்கு முந்தைய 3 வாரத்துக்கு. பிள்ளைகள் 14 பேர். ஜமக்காளத்தில் வட்டமாக உட்கார வைத்து, தினமும் சோற்றுக்கு முன்னால் 10 நிமிஷம். அதற்குமேல் இழுக்க வேண்டாம்.

● என்றால் ஒரு தட்டு. ○ என்றால் "கம்": இரண்டு உள்ளங்கையையும் விரித்து மடியில் வைத்து, வாயை மூடிக்கொள்வது. "கம்முனு இரு கண்ணு" என்று வீட்டில் கேட்டுப் பழகியதால் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

முதல் வாரம்: சொல்லை உடைத்தல்

நீங்கள் ஒரு தடவை சொல்லித் தட்டுங்கள். அடுத்த தடவை எல்லாரும் சேர்ந்து. மூன்றாம் தடவை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

பூ ●
கம்-பு ●●
மஞ்-சள் ●●
க-ரும்-பு ●●●
தக்-கா-ளி ●●●
ஜ-மக்-கா-ளம் ●●●●

பிறகு அவரவர் பெயர். யா-ழி-னி என்றால் 3, ஹ-ரிஷ் என்றால் 2. தன் பெயருக்கு எத்தனை தட்டு என்பது தெரிந்த பிள்ளை அடுத்தவர் பெயரையும் தானாகவே எண்ணத் தொடங்கிவிடும். இங்கே நேரம் போனால் போகட்டும்.

இந்த வாரத்தில் தவறு பெரும்பாலும் நம்மிடம்தான். அம்மா என்பதை அ, ம், மா என்று எழுத்தெண்ணி 3 தட்டுத் தட்டிவிடுகிறோம். புள்ளி வைத்த எழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது. அது முன்னால் இருக்கிற எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அம்-மா, 2 தட்டு. நெடிலுக்கு 2 மாத்திரை என்ற இலக்கணமும் இங்கே குறுக்கே வரும். "மா" நீளமாக ஒலித்தாலும் தட்டு ஒன்றுதான். கைகளைச் சேர்த்தபடியே கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், போதும்.

இன்னொன்று: பால் என்று எழுதுகிறோம், பிள்ளை "பாலு" என்கிறது, கல் "கல்லு" ஆகிறது. பிள்ளையின் வாயில் வருவதைத்தான் தட்ட வேண்டும், ஆகவே 2. அதைத் திருத்தப் போனால் காது குழம்பிவிடும். ஒரு தட்டுக்குப் பூ, ஈ, தீ, கை என்ற சொற்களே பாதுகாப்பு. தேங்காய் "தேங்கா" ஆனாலும் 2 தான்.

இரண்டாம் வாரம்: வரி

ஒரு வரிக்கு 8 அடி. வேகம் 10 விநாடிக்கு 18 தட்டு. நிதானமாகப் போகிறோம் என்று இதைவிடக் குறைத்தால் பிள்ளைகள் முந்திக்கொண்டு ஓடுவார்கள். மெதுவான தாளத்தில் காத்திருப்பதுதான் இந்த வயசுக்குக் கஷ்டம்.

மஞ்-சள் மஞ்-சள் ஈ-ரோ-டு கம்
●● ●● ●●● ○

தேங்-காய் தேங்-காய் பொள்-ளாச்-சி கம்
●● ●● ●●● ○

கா-ளை கா-ளை காங்-கே-யம் கம்
●● ●● ●●● ○

ஜ-மக்-கா-ளம் ப-வா-னி கம்
●●●● ●●● ○

வெண்-ணெய் வெண்-ணெய் ஊத்-துக்-கு-ளி
●● ●● ●●●●

கடைசி வரியில் "கம்" இல்லை. ஊத்துக்குளிக்கு 4 அசை, இடம் நிறைந்துவிட்டது. பழக்கத்தில் பாதிப் பேர் "கம்" சேர்ப்பார்கள். அதட்டாமல், "ஊத்துக்குளிக்கு எத்தனை தட்டு சாமி?" என்று மட்டும் கேளுங்கள். அவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் இந்த வரி கடைசியில் இருக்கிறது.

"ஈரோடு" என்பதில் கடைசி "டு" தேய்ந்து போகும், தட்டும் காணாமல் போகும். அந்தத் தட்டை மட்டும் முழங்காலில் வைத்துக் காட்டினால் நின்றுவிடும். சொல்லின் முடிவில் மட்டும் ஒரே ஒரு தட்டுத் தட்டுகிற பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்ட வேண்டாம். உங்கள் உள்ளங்கையை நீட்டி, அதன்மேல் தட்டச் சொல்லுங்கள்.

எதிரெதிரே உட்கார்ந்து குறுக்குக் கை மாற்றித் தட்டுவது இப்போது வேண்டாம். கையைத் தேடுவதிலேயே தாளம் போய்விடும்.

மூன்றாம் வாரம்: அடி வேறு, அசை வேறு

7 பேர் முழங்காலில் ஒரே சீராக 4 அடி. மற்ற 7 பேர் சொல்லைத் தட்டுவார்கள். "கம்பு" மட்டும் ஒரே அடிக்குள் இரண்டு தட்டாக அடங்க வேண்டும்.

முழங்கால்: ● | ● | ● | ●
கை: பூ | பூ | கம்-பு | பூ
● | ● | ●● | ●

"கம்பு" வந்ததும் முழங்கால்காரர்களும் சேர்ந்து வேகமெடுப்பார்கள். அவர்களுக்கு நடுவில் நீங்கள் உட்கார்ந்து, வாய் பேசாமல் முழங்காலை மட்டும் தட்டுங்கள். ஒரே பிள்ளையை இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்லாதீர்கள். வள்ளி கும்மியில் காலும் கையும் சேர்ந்து போவதைத் திருவிழாவில் பார்த்திருப்பார்கள், ஆசைப்படுவார்கள்; எழுந்து நின்று காலடி மட்டும் வைக்கட்டும், கைத்தட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

4 தடவை ஆனதும் குழுக்களை மாற்றுங்கள். சரியாக வந்தால் மறுநாள்:

பூ | கம்-பு | கம்-பு | கம்
● | ●● | ●● | ○